அறிக்கையில் இரண்டு ‘கிரேடு 2’: என் சிறுகதையின் கடைசிக் காட்சி சரிதானா?

தண்டையார்பேட்டை வாசகன்

நண்பர்களுக்கு வணக்கம். சில மாதங்களாக எழுதித் திருத்திவரும் ஒரு சிறுகதையின் கடைசிக் காட்சியில் எனக்கு ஐயம் இருப்பதால் இங்கே கொண்டுவருகிறேன். கதையின் நாயகன் வேலுவுக்கு வயது 22. வியாசர்பாடியில் குடியிருக்கிறான், காலையில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான், மாலையில் கால்பந்து ஆடுகிறான். ஓர் ஆட்டத்தில் வலது கால் தரையில் ஊன்றி நிற்கையில், எதிரணிக்காரர் ஒருவர் முழங்காலின் வெளிப்பக்கத்தில் வந்து மோதிவிடுகிறார். அன்றிரவு அவசரப் பிரிவில் மாத்திரையும் பட்டையும் கொடுத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி அனுப்புகிறார்கள். முறை வந்து ஸ்கேன் எடுத்து முடிக்க மூன்று வாரம் ஆகிறது. அறிக்கை வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வருகிறது, எலும்பு மருத்துவரின் புறநோயாளிப் பிரிவோ திங்கட்கிழமைதான். இடையில் உள்ள அந்த நாட்கள்தான் கதை. ஒரு பகுதியைக் கீழே தருகிறேன்.

*ஸ்கேன் அறையில் கழற்றிக் கொடுத்த தாயத்தை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அவன் இடுப்பில் திரும்பக் கட்டினாள். பெரிய உறையிலிருந்து படச்சுருளை உருவி வேலு ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். அவனுடைய முழங்கால் இருபது சின்னக் கட்டங்களில் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றது. எந்தக் கட்டத்தில் தவறு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அடுத்ததில் அது இல்லை.*

*அறிக்கைத் தாளில் அவனுக்குப் புரிந்தது ஓர் எண் மட்டுமே. உள்பக்க மெனிஸ்கஸின் பின்முனையில் கிரேடு 2 என்று ஒரு வரி இருந்தது. உள்பக்கத் தசைநாரில் கிரேடு 2 என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. இரண்டும் இரண்டு என்றால் நான்காகக் கூட்டிப் பார்க்க வேண்டுமா, அல்லது ஒரே காயத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்களா என்று அவன் இரவு முழுக்க யோசித்தான். கைப்பேசியில் தேடியபோது ஒரு பக்கம் ‘பாதி கிழிந்தது’ என்றது, இன்னொரு பக்கம் ‘கிழியவில்லை’ என்றது.*

*“என்னடா போட்டிருக்கு?” என்று அம்மா கேட்டாள்.*

*“ஒண்ணுமில்லம்மா, வீக்கம்னு போட்டிருக்கு” என்றான்.*

கடைசிக் காட்சியில் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, “இரண்டு இடத்தில் பாதி கிழிந்திருக்கிறது, அறுவை செய்து திருகாணி போட வேண்டும், ஒன்பது மாதம் விளையாட்டு இல்லை” என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன். உண்மையில் இப்படித்தான் சொல்வார்களா? எனக்குத் தெரிந்த ஒருவருடைய அறிக்கையைப் பார்த்துத்தான் அந்த இரண்டு வரிகளை எழுதினேன். மருத்துவர் அவரிடம் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

மூலக்கொத்தளம் மணி

உங்கள் முடிவு சரிதான், ஐயா. நான் பத்து வருடம் வட சென்னை மைதானங்களில் ஆடியவன். கிரேடு 1 என்றால் இழுபட்டது, கிரேடு 2 என்றால் பாதி கிழிந்தது, கிரேடு 3 என்றால் முழுதாக அறுந்தது. இது எங்கள் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். என்னோடு ஆடிய நண்பனுக்கும் முழங்கால் தசைநார்தான் போயிற்று. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நரம்பை எடுத்து உள்ளே வைத்துத் திருகாணியால் பொருத்தினார்கள், திரும்ப மைதானத்தில் இறங்க அவனுக்குப் பத்து மாதம் ஆயிற்று. பாதி கிழிந்ததை அப்படியே விட்டால் மீதிப் பாதியும் போய்விடும். ஆகவே அறுவைக் காட்சியை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை.

இயன்முறை_வடசென்னை

இருபது ஆண்டுகளாக முழங்கால்களோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் நான். மணி சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் உங்கள் வேலுவைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் தாளில் இருக்கும் இரண்டு ‘கிரேடு 2’ம் ஒரே அளவுகோலைச் சேர்ந்தவை அல்ல. தசைநாருக்கு மணி சொன்ன கணக்குப் பொருந்தும், அங்கே 2 என்றால் இழைகளில் ஒரு பகுதி கிழிந்திருக்கிறது என்று பொருள். மெனிஸ்கஸ் வேறு. அது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல உட்கார்ந்திருக்கும் குருத்துத் தட்டு. படத்தில் அது கறுப்பு முக்கோணமாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு இருந்து, அது முக்கோணத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ தொடாமல் உள்ளேயே நின்றுவிட்டால் அதைத்தான் கிரேடு 2 என்று எழுதுவார்கள். அது கிழிசல் அல்ல. தட்டின் உள்ளே ஏற்பட்டிருக்கும் மாற்றம் மட்டுமே. நுண்துளைக் கருவியை விட்டு நேரில் பார்த்தால்கூட மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். அந்தக் கோடு விளிம்பை எட்டினால்தான் கிரேடு 3, அதைத்தான் கிழிசல் என்பார்கள். வலியே இல்லாத முழங்கால்களை ஸ்கேன் எடுத்தாலும் இந்த இரண்டாம் படிக் கோடு சிலருக்குத் தென்படுவதுண்டு.

வேலு பார்த்த ‘வெள்ளை’யும் இதோடு சேர்ந்தது. ஒரு கட்டத்தில் தெரிந்து அடுத்ததில் மறைவது இந்தப் படங்களில் இயல்பு, ஏனென்றால் ஒவ்வொரு கட்டமும் முழங்காலை ரொட்டித் துண்டு போல வெவ்வேறு இடத்தில் வெட்டிக் காட்டுவது. கோடு விளிம்பைத் தொடுவதுபோல் ஒரே கட்டத்தில் மட்டும் தெரிந்தால் படம் பார்க்கும் மருத்துவர்கள் எளிதில் கிழிசல் என்று எழுதிவிட மாட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் அது தொடுகிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது தசைநார். மணியின் நண்பருக்குப் போனது மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன் தசைநாராக இருக்க வேண்டும். தொடைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து வைத்தார்கள் என்பதிலிருந்தே அது தெரிகிறது, அங்கிருந்து எடுப்பது நரம்பு அல்ல, தசைநாண். முன் தசைநார் மூட்டு நீருக்குள் கிடப்பதால், அறுந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ள வழியில்லை. வேலுவின் அறிக்கையில் இருப்பதோ உள்பக்கத் தசைநார். அது மூட்டுக்கு வெளியே, தோலுக்குச் சற்று அடியில், நல்ல இரத்த ஓட்டத்தோடு இருப்பது. வெளிப்பக்கத்தில் மோதினால் முழங்கால் உள்நோக்கி வளையும்போது இழுபடுவதும் அதுதான், ஆகவே உங்கள் ஆட்டக் காட்சி சரியாக அமைந்திருக்கிறது. அது தனியாக இரண்டாம் படி காயப்பட்டால் அறுவை செய்வதில்லை. பக்கவாட்டில் அசையாதபடி கீல் வைத்த பட்டை, கால் நேராகும் அளவுக்குப் பயிற்சி, பிறகு தொடைத் தசைக்குப் பயிற்சி. பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் நன்றாகத் தேறிவிடும், சிலருக்கு அதற்குமேலும் ஆகும். உங்கள் வேலு ஏற்கெனவே மூன்று வாரத்தைக் கடந்துவிட்டான்.

அறிக்கையில் முன் தசைநார் பற்றி என்ன எழுதியிருக்கிறது? வேலு பார்க்காமல் விட்ட வரி அதுவாக இருந்தால் கதைக்கு மிக நல்லது.

பெரம்பூர் பாட்டி

தம்பி வேலுவுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கும் மூன்று வருடமாக இரண்டு முழங்காலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, கோயில் படி இறங்கும்போது உயிர் போகிறது. இந்த ஸ்கேன் எல்லாம் எடுத்துக் குழம்புவதைவிட, எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டு நாட்டு வைத்தியரிடம் ஒரு கட்டுப் போட்டால் தசைநார் கூடிவிடும் என்பது என் அனுபவம். என் தம்பி மகனுக்குக் கை எலும்பு அப்படித்தான் கூடியது. அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இயன்முறை_வடசென்னை

அம்மா, வேலு கதையில் வரும் பிள்ளைதான், அவனுக்காக நீங்கள் வேண்டிக்கொண்டது கதாசிரியருக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருக்கும். உங்கள் வலி வேறு வகை. வயதில் வரும் தேய்மானத்தில் மெனிஸ்கஸ் கோடுகளைத் தேடி ஸ்கேன் எடுக்கத் தேவை பெரும்பாலும் வருவதில்லை, எக்ஸ்ரேயும் நேர்ப் பரிசோதனையும் போதும். படி இறங்கும் வலிக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி உண்டு, அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் கேளுங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். புதிதாகக் கிழிந்த தசைநாரை முதல் நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் இரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். அசையாமல் இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் விட்டால் முழங்கால் மடங்காமல் விறைத்துப்போகும். அந்த விறைப்பை எடுக்கச் சில நேரம் காயம் ஆறியதைவிட அதிக நாள் ஆகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகன்

மிக்க நன்றி. நான் பார்த்த தாளை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். முன் தசைநாரும் பின் தசைநாரும் இயல்பாக உள்ளன என்று மேலே ஒரு வரி இருந்தது. அதை நான் கதைக்குத் தேவையில்லை என்று நீக்கிவிட்டேன். இப்போது பார்த்தால் அதுதான் முக்கியமான வரியாகத் தெரிகிறது. இன்னொன்று கேட்க வேண்டும். தாளின் அடியில் ‘நேர்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நான் பார்த்த எல்லா அறிக்கைகளிலும் இது இருக்கிறது. இதற்கு உண்மையில் ஏதாவது பொருள் உண்டா, அல்லது வழக்கமாக எழுதிவிடுகிறார்களா? திங்கட்கிழமை மருத்துவர் தாளைப் பார்த்து மட்டும் முடிவு சொல்வாரா?

இயன்முறை_வடசென்னை

அந்த வரிதான் உங்கள் கடைசிக் காட்சி. ஸ்கேன் பார்த்து எழுதியவர் வேலுவை நேரில் கண்டதில்லை. அவன் எப்படி விழுந்தான், எங்கே வலிக்கிறது, முழங்கால் நழுவுகிறதா என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. காயம்பட்ட அன்று அவசரப் பிரிவிலும் சரியாகச் சோதித்திருக்க முடியாது, ஏனென்றால் வலியில் தசை தானாக இறுகிக்கொள்ளும், மூட்டு அசைகிறதா என்று பார்க்கவே விடாது. மூன்று வாரம் கழித்துத்தான் முழங்கால் பேசும்.

காட்சியை இப்படி வையுங்கள். நல்ல மருத்துவர் முதலில் இடது காலைத் தொடுவார். வேலுவுக்கு அது புரியாது, தவறான காலைப் பார்க்கிறாரோ என்று பதறுவான். அவனுடைய நல்ல முழங்கால் இயல்பில் எவ்வளவு தளர்வு என்று தெரிந்தால்தான் மற்றதை அளக்க முடியும். பிறகு வலது காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுப்பார். முன் தசைநார் நன்றாக இருந்தால் கயிறு முழு நீளத்துக்கு வந்து நிற்பதுபோல ‘டக்’கென்று ஓர் எல்லையில் நிற்கும். அறுந்திருந்தால் எல்லையே இல்லாமல் மெத்தென்று வந்துகொண்டிருக்கும். அதை முடித்துவிட்டுக் கணுக்காலைப் பிடித்துக் கீழ்க்காலை வெளிநோக்கித் தள்ளி, முழங்காலின் உள்பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பார், ஒரு தடவை கால் நேராக இருக்கும்போது, ஒரு தடவை முப்பது பாகை மடித்து. மடித்தபோது மட்டும் கொஞ்சம் திறந்து, பின் எல்லையில் நின்றால் அது உள்பக்கத் தசைநாரின் இரண்டாம் படி. நேராக இருக்கும்போதே திறந்தால், அதோடு சேர்ந்து வேறு ஏதோவும் போயிருக்கிறது. கடைசியாக மூட்டுக் கோட்டில் விரலை வைத்து அழுத்துவார். தசைநாரின் மேல் முனையில் வலித்து, மூட்டுக் கோட்டில் வலிக்கவில்லை என்றால் அந்த மெனிஸ்கஸ் வரியை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்த ஐந்து நிமிடம் எப்போதும் கிடைக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

கல்மண்டபம் செல்வி

நான் இயன்முறை ஐயாவோடு ஓரளவு முரண்பட வேண்டியிருக்கிறது. என் அண்ணனுக்கும் மெனிஸ்கஸில் கிரேடு 2 என்றுதான் அறிக்கை வந்தது. கிழிசல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதம் வலியோடு வேலைக்குப் போனான். ஒரு நாள் காலை பாயிலிருந்து எழுந்தபோது முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது, நீட்டவே முடியவில்லை. துளை போட்டுப் பார்த்தபோது ஒரு மடல் கிழிந்து நடுவில் சிக்கியிருந்தது. ஆகவே ‘கிரேடு 2 என்றால் ஒன்றுமில்லை’ என்று கதை சொல்லிவிடக் கூடாது. அதைப் படித்துவிட்டு வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர்கள் இருப்பார்கள்.

இயன்முறை_வடசென்னை

செல்வி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஸ்கேன் தவறவிடுவதும் உண்டு, ஆறு மாதத்தில் புதிதாகக் கிழிந்திருக்கவும் கூடும், அண்ணனுக்கு எது நடந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் படிக் கோடுகளில் எவை பின்னாளில் கிழியும் என்று முன்கூட்டியே சொல்லும் வழி எங்களிடம் இல்லை. பெரும்பாலானவை அப்படியே இருந்துவிடுகின்றன என்றுதான் சொல்ல முடியும். ஆனால் உங்கள் அண்ணனுக்கு வந்த பூட்டு மிகத் தெளிவான அடையாளம். முழங்கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டால் அறிக்கையில் எந்த எண் இருந்தாலும் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். படி இறங்கும்போது கால் திடீரென விட்டுக்கொடுத்தாலும், வீக்கம் போய்ப் போய்த் திரும்ப வந்தாலும் மறுபடி காட்ட வேண்டும். மருத்துவர் வேலுவிடம் இதைச் சொல்லி அனுப்புவதாக எழுதுங்கள்.

காசிமேட்டு வாசகி

எனக்கு மருத்துவம் தெரியாது, கதை பற்றிச் சொல்கிறேன். கடைசிக் காட்சியே வேண்டாம் என்பது என் கருத்து. அம்மா தாயத்தைத் திரும்பக் கட்டுகிற இடத்திலும், அவன் “வீக்கம்னு போட்டிருக்கு” என்கிற இடத்திலும் கதை தன் உச்சத்தைத் தொட்டுவிட்டது. மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அது கதையாக இருக்காது, ஆலோசனைப் பகுதியாகிவிடும். அவனுடைய எண் கூப்பிடப்படும் இடத்தில் நிறுத்துங்கள்.

மூலக்கொத்தளம் மணி

வாசகி அம்மா சொல்வதை ஏற்க மனமில்லை. மூன்று நாள் அவனோடு சேர்ந்து நாமும் காத்திருந்துவிட்டு, கதவுக்கு வெளியே நிறுத்தினால் எப்படி? என் நண்பன் காத்திருந்தபோது நான் கூடவே இருந்தவன், அந்தக் கதவுக்குள் என்ன நடந்தது என்பதுதான் எங்களுக்கு எல்லாமும். இயன்முறை ஐயாவிடம் நான் கற்றுக்கொண்டேன், முன் தசைநாரையும் உள்பக்கத் தசைநாரையும் இத்தனை வருடம் ஒன்றாகவே நினைத்திருந்தேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஆட்டம் இருக்கட்டும், வேலு 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்து மாடி ஏறுபவன். அவனுக்கு வேலை எப்போது? வீட்டில் அடுப்பு அதில்தானே எரிகிறது?

இயன்முறை_வடசென்னை

இதற்கு எண்ணில் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் அந்த முழங்காலுக்குக் கடினம், ஆனால் அவன் இறங்கும்போது கேன் காலியாக இருக்கும். கால் முழுதாக நீண்டு மடங்க வேண்டும், அழுத்தினால் வலிக்கக் கூடாது, ஒற்றைக் காலில் நின்று மெதுவாகக் குந்தி எழும்போது முழங்கால் உள்ளே சாயக் கூடாது. இவை வந்தபின் முதலில் தரைத்தள வீடுகள், பிறகு ஒரு மாடி என்று ஏற்றலாம். முதலாளி அதுவரை விட்டுவைப்பாரா என்பது என் கையில் இல்லாத கேள்வி.

தண்டையார்பேட்டை வாசகன்

இரண்டு கருத்துகளையும் எடை போட்டுப் பார்த்தேன். காசிமேட்டு வாசகி சொன்ன முடிவு அழகானது. ஆனாலும் இத்தனை நாள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தவித்தவனை அறைக்குள் அழைத்துப் போக வேண்டும் என்றே தோன்றுகிறது. புதிதாக எழுதியதை இங்கே வைக்கிறேன், இன்னும் திருத்துவேன்.

*மருத்துவர் உறையைப் பிரிக்காமல் மேசையோரம் வைத்தார். “எங்க அடிபட்டுச்சு, எப்படி நின்னுட்டிருந்த?” என்று கேட்டார். வேலு எழுந்து நின்று காட்டினான். படுக்கச் சொல்லி அவனுடைய இடது முழங்காலைப் பிடித்தார்.*

*“சார், வலது கால்” என்றான் வேலு.*

*“தெரியும்பா. தளர்வா விடு.”*

*வலது காலுக்கு வந்து இழுத்தபோது உள்ளே ஏதோ ஓரிடத்தில் வந்து நின்றது. அவர் இன்னொரு தடவை இழுத்தார், அதே இடத்தில் நின்றது. பக்கவாட்டில் திறந்தபோது அவன் பல்லைக் கடித்தான். விரல் மூட்டைச் சுற்றி வந்தது, ஓரிடத்தில் மட்டும் அவன் கையைத் தட்டிவிடப் பார்த்தான். அதன் பிறகுதான் அவர் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகினார். பேனா முனையால் ஒரு கறுப்பு முக்கோணத்தைக் காட்டினார். “இது உன் மெனிஸ்கஸ். கோடு ஓரத்தைத் தொடல பாரு.” பேனா இரண்டு கட்டம் தள்ளிப் போயிற்று. “இதான் கிழிஞ்சது. மூட்டுக்கு வெளிய இருக்கிற நாரு, தானா கூடிடும். ஆபரேஷன் வேணாம். கால் பூட்டிக்கிச்சுன்னா மட்டும் உடனே வந்துடு.”*

*வேலு தாளைக் காட்டினான். “ரெண்டு எடத்துல ரெண்டுன்னு போட்டிருக்கே சார்?”*

*“அது வேற ரெண்டு, இது வேற ரெண்டு.”*

*அம்மா கதவருகில் நின்றிருந்தாள். அவளுக்கு இப்போதுதான் தாளில் எண் இருந்தது தெரிந்தது. வேலு அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான். “கேன் எப்ப தூக்கலாம் சார்?”*

*மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். “எத்தனை மாடி?”*

*“மூணு சார். லிஃப்ட் இல்ல.”*